இளகிய மண்ணில் சின்ன வீடு: ராஃப்ட்டுக்குக் கம்பி கட்டுவதும் கான்கிரீட் போடுவதும்

சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளிலும், ஏரிப் பாசன வயல்களாக இருந்து மனையான இடங்களிலும் மேலே இரண்டடி சவுடு மண் இருக்கும். அதன்கீழ் சாம்பல் நிறக் களி. கடப்பாறையை ஓங்கிப் போட வேண்டியதில்லை, அழுத்தினாலே இறங்கும். அப்படி ஒரு மனையில் 20 அடிக்கு 30 அடி வீடு, கீழ்த்தளமும் முதல் தளமும் கட்டப்போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மண் பரிசோதனை அறிக்கையில் தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 5 டன் என்று வந்திருக்கிறது. கட்டமைப்புப் பொறியாளர் 'ராஃப்ட் போட வேண்டும்' என்கிறார். வீட்டின் அடி முழுக்க ஒரே கான்கிரீட் பலகையாக அடித்தளம் போடுவதுதான் ராஃப்ட். வீட்டுக்காரராகவோ, புதிதாக சைட்டில் நிற்கும் இளம் மேற்பார்வையாளராகவோ நீங்கள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்வதற்கான கட்டுரை இது. இதில் வரும் அளவுகள் எல்லாம் இந்த ஒரு வீட்டுக்கானவை. உங்கள் மனைக்கு உங்கள் பொறியாளரின் வரைபடம்தான் சட்டம். இந்த எண்களைத் தூக்கி அங்கே வைக்காதீர்கள்.

ஏன் தனித்தனி ஃபுட்டிங் போதாது?

நம் வீட்டில் நீளவாக்கில் நான்கு, அகலவாக்கில் மூன்று என 12 பில்லர்கள், பத்தடிக்கு ஒன்று. ஒன்பது அங்குலச் சுவர், உள்சுவர், பீம், ஸ்லாப், ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்தால் ஒரு தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 1.6 டன் வரும். இரண்டு தளமும் சேர்ந்து ஏறக்குறைய 178 டன். ஒரு பில்லருக்குச் சராசரி 15 டன். ஃபுட்டிங்கின் சொந்த எடையையும் சேர்த்து 5 டன்னால் வகுத்தால் ஒவ்வொரு பில்லருக்கும் மூன்றேகால் சதுர மீட்டர் ஃபுட்டிங் வேண்டும். பன்னிரண்டுக்கும் சேர்த்து 40 சதுர மீட்டர். வீடே 56 சதுர மீட்டர்தான்!

ஃபுட்டிங்குகளின் பரப்பு வீட்டின் பரப்பில் பாதியைத் தாண்டினால் ராஃப்ட்டை யோசிக்கலாம் என்பது பொறியாளர்கள் கையாளும் ஒரு வழக்கம். இங்கே முக்கால் பங்கை நெருங்குகிறது. மீதியையும் மூடி ஒரே பலகையாக்கிவிட்டால் தோண்டுவது எளிது, பக்கப் பலகை அடிப்பது எளிது. எல்லாவற்றையும்விட, ஓரிடத்தில் மண் கொஞ்சம் இளகியிருந்தாலும் பக்கத்தில் இருக்கும் மண் அந்தச் சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளும்.

ராஃப்ட்டை வீட்டைவிடச் சுற்றிலும் ஒன்றரை அடி நீட்டி 23 அடிக்கு 33 அடி, ஓரடி கனம் என்று வரைந்திருக்கிறார்கள். வீட்டின் சுமை இப்போது சதுர மீட்டருக்கு இரண்டரை டன்னாகப் பரவிவிட்டது. ராஃப்ட்டின் சொந்த எடை முக்கால் டன். தரையும் அதன்மேல் வரும் பாரமும் கால் டன்னுக்குக் கொஞ்சம் மேல். இங்கே பலர் மறப்பது பேஸ்மென்ட்டை நிரப்பும் மண். ராஃப்ட்டின் மேல் இரண்டடி கிராவல் கொட்டி இறுக்கினால் அதுமட்டுமே சதுர மீட்டருக்கு 1.1 டன். ஒரு தளத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு! 'வெள்ளம் வருமே, இன்னும் இரண்டடி தூக்கிவிடலாம்' என்று வீட்டுக்காரர் நடுவில் சொல்லும்போது அவர் உண்மையில் முக்கால் மாடி கூடுதலாகக் கட்டச் சொல்கிறார். உயரம் கூட்ட வேண்டுமென்றால் அதை வரைபடம் போடும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மண்ணை எவ்வளவு ஆழம் பார்ப்பது?

ஐந்தடிக் குழி தோண்டிப் பார்த்து 'களிதான் சார்' என்று சொல்வது ராஃப்ட்டுக்கு உதவாது. அடித்தளம் எவ்வளவு அகலமோ, அதைப்போல் ஒன்றரை மடங்கு ஆழத்துக்காவது அதன் அழுத்தம் மண்ணுக்குள் போகும். ஐந்தடி ஃபுட்டிங் ஏழெட்டு அடி வரை அழுத்தும். 23 அடி ராஃப்ட்டோ 35 அடி வரை அழுத்தும். இருபதடியில் ஒரு சேற்றுப் படுகை இருந்தால் தனி ஃபுட்டிங்குக்கு அது பெரிதாகத் தெரியாது, ராஃப்ட்டுக்குத் தெரியும். ஆகவே மனையின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு போர் போட்டு அந்த ஆழம் வரை பார்க்கச் சொல்லுங்கள்.

அறிக்கையில் இரண்டு விஷயத்தைத் தேடுங்கள். ஒன்று தாங்குதிறன். மற்றது எவ்வளவு இறங்கும் என்ற மதிப்பீடு. இளகிய களிமண்ணில் ராஃப்ட் மொத்தமாக 100 மில்லிமீட்டர் வரை இறங்கலாம் என்று இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1904 அனுமதிக்கிறது, தனி ஃபுட்டிங்குக்கு 75 தான். ராஃப்ட் இறங்காமல் இருப்பதில்லை. சேர்ந்து இறங்குகிறது, அவ்வளவுதான். மனையின் ஒரு பாதியில் மூடப்பட்ட பழைய கிணறோ குட்டையோ இருந்தால் ராஃப்ட்டே ஒரு பக்கமாகச் சாயும். ஊர்ப் பெரியவர்களிடம் 'இங்கே முன்னாடி என்ன இருந்தது?' என்று கேட்பது இரண்டு போருக்கு நடுவில் இருப்பதைச் சொல்லும். கரிசல் மண் வேறு கதை. அது மழையில் உப்பி வெயிலில் சுருங்குவது, அதற்கு இந்தச் சாதாரண ராஃப்ட்டைப் போடக் கூடாது.

ராஃப்ட் எந்தப் பக்கம் வளைகிறது

இதைப் புரிந்துகொண்டால் கம்பி வேலையில் பாதி தானாக விளங்கும். மாடி ஸ்லாப்பின் மேல் பாரம் கீழ்நோக்கி அழுத்துகிறது, நடுவில் தொய்கிறது. அதனால் நடுவில் அடிப்பக்கம் இழுபடும், பீமின் மேல் மேற்பக்கம் இழுபடும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது என்பதால் இழுபடும் பக்கத்தில் கம்பி வைக்கிறோம்.

ராஃப்ட்டில் பாரம் கீழேயிருந்து வருகிறது. பில்லர்கள் பிடித்து அழுத்த, மண் மேல்நோக்கித் தள்ளுகிறது. இரண்டு பில்லருக்கு நடுவில் ராஃப்ட் மேலே புடைக்கப் பார்க்கும், அங்கே இழுபடுவது மேற்பக்கம். பில்லருக்கு நேர்கீழே இழுபடுவது அடிப்பக்கம். அதாவது மாடி ஸ்லாப்பை அப்படியே தலைகீழாகப் போட்டதுதான் இது. வாழ்நாளெல்லாம் மாடி போட்ட கைக்கு இது சட்டென்று பிடிபடாது. 'மேல எதுக்கு சார் இவ்ளோ கம்பி, கீழே போட்டா போதாதா?' என்ற கேள்வி ஏறக்குறைய எல்லா சைட்டிலும் வரும். பதில் சொல்லாமல் விட்டால், மேல் மேட்டை, அதாவது மேலே வரும் கம்பி வலையை, ஒப்புக்குக் கட்டிவிட்டுப் போவார்கள்.

பத்தடி இடைவெளி இரண்டு திசையிலும் ஒன்றுதான் என்பதால் வளைவும் இரண்டு திசையிலும் வரும். அதனால்தான் கம்பி குறுக்கும் நெடுக்குமாக, அடியில் ஒன்று மேலே ஒன்று என இரண்டு மேட். மாடி ஸ்லாப்பில் சில இடங்களில் குறுக்குக் கம்பி வெறும் பகிர்வுக் கம்பியாக இருக்கும். இங்கே அப்படி ஒன்றும் கிடையாது, இரண்டு திசையும் பிரதானக் கம்பி.

ஓரடி கனத்தைக் குறைக்கச் சொல்லி யாராவது கேட்டால் வளைவைவிட வேறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் இரண்டு பில்லர்களும் ஒவ்வொன்றும் சுமார் 30 டன் இறக்குகின்றன. ஒன்பது அங்குலச் சதுர பில்லர் அந்தப் பாரத்தோடு பலகையைத் துளைத்துக்கொண்டு இறங்கப் பார்க்கும். ஓரடி கனத்தில், பாதுகாப்புக் காரணியோடு, பில்லரைச் சுற்றி வரும் வெட்டுவிசை சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நியூட்டன். எம் 25 என்னும் வலிமைத் தரக் கான்கிரீட்டுக்கு 1.25 வரை அனுமதி, தப்பித்தோம். கனத்தை எட்டு அங்குலமாக்கினால் அது இரண்டைத் தாண்டிவிடும். கூடுதல் கம்பி போட்டு இதைச் சரிக்கட்டிவிடலாம் என்று மேஸ்திரி சொல்வது நடக்காது. இந்த வெட்டை எதிர்த்து நிற்பது முக்கியமாகக் கனம்தான்.

தோண்டுவதும் படுகை போடுவதும்

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் ராஃப்ட் முடிந்துவிடும்படி திட்டமிடுங்கள். குழியில் ஒரு மூலையில் சிறு பள்ளம் எடுத்து மோட்டார் வைத்தால் ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே வேலை செய்யலாம்.

ஜே.சி.பி. மூன்றடி தோண்டும்போது கடைசி ஆறு அங்குலத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். அதை ஆட்களைக் கொண்டு, படுகை போடும் அன்றைக்கே வழித்தெடுக்க வேண்டும். களிமண்ணின் மேல் பக்கெட்டின் பல் கீறினாலோ, நான்கு பேர் நாள் முழுக்க மிதித்தாலோ, ஒரு மழை நின்றாலோ இறுக்கமாக இருந்த மண் சேறாகிவிடும். சேறான இடத்தை மண்ணைக் கொட்டி மூடாமல் வெட்டி எறிந்துவிட்டு, அங்கே பெரிய கல்லும் ஜல்லியும் அடித்து இறக்க வேண்டும்.

அதன்மேல் ஒன்பது அங்குலம் ஜல்லியும் குவாரி டஸ்ட்டும் கலந்த படுகை. ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் பிளேட் காம்பாக்டரால் இறுக்குங்கள். இயந்திரம் ஓடும்போது ஜல்லிக்கு நடுவில் களி பிதுங்கி மேலே வந்தால், அடியில் மண் இன்னும் நனைந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே அதிர்வைக் கூட்டக் கூட்ட இன்னும் கெடும். நிறுத்தி, அந்த இடத்தை வெட்டி மாற்றுங்கள்.

படுகையின் மேல் நான்கு அங்குலத்துக்குக் கம்பியில்லாத கான்கிரீட்டான பி.சி.சி., 24 அடிக்கு 34 அடி. சுற்றிலும் ஆறு அங்குலம் கூடுதலாக இருந்தால் பக்கப் பலகை நிற்க இடம் கிடைக்கும். கீழே போகிற குழாய் இருந்தால் இப்போதே போட்டுவிட வேண்டும். ராஃப்ட் போட்ட பிறகு உளிவைத்து உடைக்கும் பேச்சே கூடாது. பி.சி.சி. காய்ந்ததும் அதன்மேல் பில்லர் மையங்களைச் சுண்ணாம்பு நூலடித்துக் குறியுங்கள். 20க்கு 30 செவ்வகத்தின் இரண்டு மூலைவிட்டமும் 36 அடி முக்கால் அங்குலம் வர வேண்டும். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் வீடு கோணல்.

கம்பி: வாங்குவது, வெட்டுவது, கட்டுவது

வரைபடம் சொல்வது: 12 மில்லிமீட்டர் எஃப்.இ. 500 தரக் கம்பி, ஆறு அங்குலத்துக்கு ஒன்று, இரண்டு திசையிலும், மேலும் கீழும். கவர், அதாவது கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட், எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம். ஃபுட்டிங்குக்கு 50 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது ஐ.எஸ். 456.

நீளக் கம்பி 33 அடியில் இரு பக்கக் கவரைக் கழித்து, இரு முனையிலும் எட்டு அங்குலம் மடக்கினால் 34 அடி. குறுக்குக் கம்பி அதேபோல் 24 அடி. ஒரு மேட்டுக்கு நீளக் கம்பி 47, குறுக்குக் கம்பி 68. கடையில் கம்பி 12 மீட்டர், அதாவது 39 அடிச் சொச்சம் வருகிறது. நீளக் கம்பியை ஒட்டுப்போடாமல் ஒரே கம்பியில் எடுத்துவிடலாம். குறுக்குக் கம்பி வெட்டினால் பதினைந்தடிக்கு மேல் மீதி விழும். இந்த மீதியை எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் ராஃப்ட் தெரிந்தவரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

12 மில்லிமீட்டர் கம்பிக்கு எம் 25 கான்கிரீட்டில் லேப், அதாவது ஒட்டுப்போடும் இரண்டு கம்பியும் சேர்ந்து ஓடும் நீளம், கம்பியின் விட்டத்தைப்போல் 49 மடங்கு, சுமார் இரண்டடி. லேப்பை இழுப்பு அதிகமான இடத்தில் வைக்கக் கூடாது. மாடி ஸ்லாப்பில் அடிக்கம்பியின் லேப்பை பீம் பக்கமாகத் தள்ளுவோம். இங்கே எல்லாம் தலைகீழ்: அடிமேட்டின் லேப் இரண்டு பில்லருக்கு நடுவில், மேல்மேட்டின் லேப் பில்லர் வரிசையின் மேல்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். அடிமேட்டின் 68 குறுக்குக் கம்பிகளையும் முழுக்கம்பியாக வெட்டுங்கள். விழுந்த 68 மீதித் துண்டுகளையும் பதின்மூன்று அடியாக்கினால், இரண்டிரண்டாகச் சேர்த்து இரண்டடி லேப்போடு சரியாக 24 அடி வரும். லேப் வந்து நிற்கும் இடம் நடு பில்லர் வரிசை. மேல்மேட்டுக்கு அதுதான் வேண்டிய இடம்! அப்படி 34 கம்பி கிடைக்கும். மேல்மேட்டுக்கு வேண்டிய மீதி 34ஐ முழுக்கம்பியாகப் போட்டு, ஒன்று முழுசு, ஒன்று லேப் என்று மாற்றி மாற்றி வைத்தால் எல்லா லேப்பும் ஒரே கோட்டில் விழாது. அப்போது விழும் மீதி, மேல்மேட்டைத் தாங்கும் 'சேர்' என்ற கம்பிக் குதிரைகள் செய்ய ஆகும். மொத்தம் 196 கம்பி. ஒரு கம்பி 10.67 கிலோ என்பதால் 2.1 டன். கம்பி இறங்கும்போது எடைச்சீட்டையும் கம்பி எண்ணிக்கையையும் இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எடையில் பிசகு, இல்லை கம்பி மெலிசு.

கட்டும் வரிசை: முதலில் அடிமேட். பி.சி.சி.யின் மேல் இரண்டு அங்குல கான்கிரீட் கவர் பிளாக்கை மூன்றடிக்கு ஒன்று வைத்து, அதன்மேல் கம்பி. உடைந்த செங்கலையோ ஜல்லித் துண்டையோ அணைகொடுக்க விடாதீர்கள். செங்கல் தண்ணீரை உறிஞ்சி நேரே கம்பிக்குக் கொண்டுவரும். ஜல்லித் துண்டு ஆள் ஏறினால் சரிந்துவிடும். ஓரத்தில் எல்லாச் சந்திப்பையும் கட்டுக்கம்பியால் கட்டுங்கள், உள்ளே ஒன்றுவிட்டு ஒன்று போதும்.

அடுத்து பில்லர் கம்பிகள். அவற்றின் எல் வளைவு அடிமேட்டின் மேலேயே உட்கார வேண்டும். மேல்மேட்டில் செருகி நிறுத்துவது தவறு. ராஃப்ட்டின் கனத்துக்குள்ளும் இரண்டு மூன்று ரிங் வைத்துக் கட்டி, மேலே நான்கு பக்கமும் முட்டுக்கொடுத்துத் தூக்குக்குண்டு வைத்து நிறுத்துங்கள். இங்கே ஓரங்குலம் நகர்ந்தால் பிறகு பில்லர் கம்பியை வளைத்துச் சரிசெய்யத் தோன்றும். அந்த வளைவு வீடு உள்ளவரை இருக்கும்.

பிறகு சேர், மேல்மேட்டைத் தாங்கும் கம்பிக் குதிரை. உயரத்தை ஊகத்தில் விடாதீர்கள். 300 மில்லிமீட்டரில் மேல் கவரும் கீழ்க் கவரும் 100, நான்கு அடுக்குக் கம்பி 48. மீதி 152, அதாவது ஆறு அங்குலம். அதே 12 மில்லிமீட்டர் கம்பியில், மூன்றடிக்கு ஒன்று என்று வைத்தால் எழுபது சொச்சம் சேர் ஆகும். ஆட்கள் நடக்கப்போகும் வழியில் இன்னும் நெருக்கமாக வையுங்கள். சேரில் சிக்கனம் பிடித்தால் மேல்மேட் கால்பட்டு இரண்டு அங்குலம் கீழே போகும். மேலே இழுப்பைத் தாங்க வேண்டிய கம்பி நடுக்கனத்தை நோக்கி இறங்கினால் கம்பி அத்தனையும் இருந்தும் பலம் கணிசமாகக் குறைந்துவிடும். கான்கிரீட் போட்டபின் இதை யாராலும் பார்க்க முடியாது.

கான்கிரீட்டுக்கு முந்தைய நாள் பக்கப் பலகையின் விளிம்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நூல் கட்டி, நூலிலிருந்து மேல்மேட் எவ்வளவு கீழே இருக்கிறது என்று பத்துப் பதினைந்து இடத்தில் அளந்து பாருங்கள். எங்கும் இரண்டு அங்குலம் வர வேண்டும். எனக்குத் தெரிந்து இந்த ஒரு நூல் சோதனையை விட்டுவிடுகிற சைட்டுகள்தான் அதிகம்.

கான்கிரீட் நாள்

23 × 33 × 1 அடி என்றால் 759 கன அடி, இருபத்தொன்றரை கன மீட்டர். இதை எம் 25இல் ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும். கலவை இயந்திரத்தில் மூட்டை உடைத்துப் போட்டால் பொழுது சாய்ந்துவிடும், தரமும் வேளைக்கு ஒன்றாக இருக்கும். அதோடு பாண்டு கணக்கில் கலக்கும் முறையை ஐ.எஸ். 456 எம் 20 வரைதான் ஒப்புக்கொள்கிறது. ஆகவே ரெடிமிக்ஸ்தான் நல்லது. 22 கன மீட்டர் சொல்லுங்கள், ஆறு கன மீட்டர் லாரி என்றால் நான்கு. நான்காவது லாரியை அனுப்பும் முன் மீதி எவ்வளவு வேண்டும் என்று சைட்டில் அளந்து சொல்வதாகப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தண்ணீர் இருக்கும் கடலோர மனையென்றால் எம் 30 கேட்பார்கள்.

ஒவ்வொரு லாரி வரும்போதும் சீட்டில் கிரேடையும் கலந்த நேரத்தையும் பாருங்கள். கலந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும், சென்னைப் போக்குவரத்தில் இது சாதாரண விஷயமில்லை. 'கெட்டியா இருக்கு, கொஞ்சம் தண்ணி விட்டுக்கிறேன்' என்று பம்ப் ஆள் ஹோஸை எடுத்தால் தடுத்துவிடுங்கள். இளக்கம் போதவில்லையென்றால் நிறுவனத்தின் ஆள் வந்து அதற்கான ரசாயனத்தைச் சேர்க்கட்டும். 22 கன மீட்டருக்கு மூன்று மாதிரி, மாதிரிக்கு மூன்று க்யூப், மொத்தம் ஒன்பது. அவற்றை வேறு வேறு லாரியிலிருந்து எடுங்கள்.

பம்ப் குழாய் எட்டும் தூரக் கோடியிலிருந்து தொடங்கி நம்மை நோக்கி வாருங்கள். ஒரு பட்டையை அடியிலிருந்து ஓரடி முழுக்கனத்துக்கு நிரப்பிக்கொண்டு அடுத்த பட்டைக்குப் போக வேண்டும். முதலில் அடிமேட் மூடும் வரை எங்கும் பரப்பிவிட்டுப் பிறகு மேலே வருவது, வெயில் நாளில் இரண்டு அடுக்கும் ஒட்டாமல் போக வழி. ஊசி வைப்ரேட்டரை நேராக இறக்கி, ஒன்றரை அடிக்கு ஒரு தடவை, குமிழி நின்றதும் மெதுவாக எடுக்க வேண்டும். அதை வைத்துக் கான்கிரீட்டை இழுத்துப் பரப்ப விடாதீர்கள். ஜல்லி ஓரிடத்திலும் சாந்து ஓரிடத்திலுமாகப் பிரியும். பில்லர் கம்பிகளைச் சுற்றி நெருக்கம் அதிகம். அங்கே ஒரு ஆள் தனியாகக் கவனிக்கட்டும்.

மேல்மேட்டின் மேல் நேராகக் கால் வைக்காமல் சேர் வரிசையின் மேல் பலகை போட்டு நடக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சொன்னாலும் மிதிப்பார்கள். அதனால் கம்பி கட்டியவரில் ஒருவரை அன்றைக்கும் கூலி கொடுத்து நிறுத்திவையுங்கள். அழுந்திய இடத்தை கான்கிரீட்டுக்கு முன்னால் தூக்கிச் சேர் செருகுவதும், நகர்ந்த பில்லர் கம்பியை நிமிர்த்துவதும் அவர் வேலை.

மட்டப்பலகை இழுத்துச் சமன்செய்த ஒரு மணி நேரத்துக்குள் காற்றும் வெயிலும் சேர்ந்து மேலே மெல்லிய கீறல்கள் வரலாம். கான்கிரீட் இன்னும் இறுகாதபோதே மரக்கட்டையால் மறுபடி தேய்த்தால் மூடிக்கொள்ளும். உடனே பிளாஸ்டிக் தாளோ ஈரச்சாக்கோ போடுங்கள். கீறல் சதுரம் சதுரமாக, மேல்கம்பியின் நேரே வந்தால் அது வேறு: கான்கிரீட் அமுங்கியபோது கம்பி நின்றுவிட்டது, வைப்ரேட்டர் போதவில்லை, அல்லது மேல் கவர் குறைவு. பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

மறுநாள் காலை சாந்து வரப்பு கட்டித் தண்ணீர் தேக்குங்கள். பி.பி.சி. சிமென்டோ சாம்பல் கலந்த ரெடிமிக்ஸோ என்றால், நம் வெயிலுக்குப் பதினான்கு நாள். பக்கப் பலகையைக் கழற்றியதும் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஜல்லி துருத்திக்கொண்டு பொந்து பொந்தாக இருந்தால் பூசி மறைக்கும் முன் எவ்வளவு ஆழம் போகிறது என்று குத்திப் பார்க்க வேண்டும்.

அளவுக்குறியும் அக்கம்பக்கமும்

பில்லர்கள் எழும்பியதும் நான்கு மூலை பில்லரிலும், மண் மூடாத உயரத்தில், ஒரே மட்டத்தில் ஆணி அடித்துக் குறிவையுங்கள். டியூப் லெவல் போதும். முதல் ஸ்லாப் போட்டதும் ஒருமுறை, சுவர் எழுந்ததும் ஒருமுறை, மேல் ஸ்லாப் போட்டதும் ஒருமுறை, பிறகு குடியேறி ஒரு வருடம் வரை இடையிடையே அளந்து தேதியோடு குறித்துவையுங்கள். நான்கும் ஒன்றாக இறங்கினால் டியூப் லெவல் அதைக் காட்டாது. தெருவில் அசையாத ஒரு இடத்தோடும், சிறுபாலச் சுவரோ பழைய கட்டடமோ, ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முப்பதடிக்கு 18 மில்லிமீட்டருக்கு மேல் ஒரு கோடி மட்டும் இறங்கினால் ஐ.எஸ். 1904 சொல்லும் எல்லையைத் தொட்டுவிட்டது. சுவரில் சாய்வான விரிசலும் அந்த நேரத்தில் தலைகாட்டும். மேற்கொண்டு சுமை ஏற்றாமல் பொறியாளரிடம் கேட்க வேண்டிய கட்டம் அது.

வீடு மெதுவாக இறங்கும் என்பதால் அதைச் சுற்றி இருப்பவற்றையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும். போர்ட்டிகோ பில்லரைத் தனி ஃபுட்டிங்கில் நிறுத்தி, ஸ்லாப்பை வீட்டோடு சேர்த்துவிட்டால் இரண்டும் வேறு வேறு அளவில் இறங்கிச் சேர்ந்த இடத்தில் விரிசல் விடும். ஒன்று போர்ட்டிகோவையும் ராஃப்ட்டின் மேல் கொண்டுவாருங்கள், அல்லது முழுசாகப் பிரித்துவிடுங்கள். வாசல்படியும் காம்பவுண்ட் சுவரும் ஓரங்குல இடைவெளியோடு நிற்கட்டும். தெருச் சாக்கடைக்குப் போகும் குழாயைச் சுவர் வேலை முடிந்தபின், வளைந்துகொடுக்கும் இணைப்போடு சேருங்கள்.

சம்ப்பும் கழிவுநீர்த் தொட்டியும் ராஃப்ட்டைவிட ஆழம் போகும். அவற்றை முதலிலேயே கட்டி முடித்து, சுற்றி மண் இறுக்கிவிட்டுத்தான் ராஃப்ட்டுக்குக் குழி எடுக்க வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின மாதம் ராஃப்ட்டின் ஓரத்தில் ஏழடி சம்ப் தோண்டினால், இந்தக் களி பக்கவாட்டில் பிதுங்கிக் குழிக்குள் வரும். அந்தப் பக்கத்து மூலை பில்லரின் ஆணிதான் முதலில் கீழே போயிருக்கும்.